தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்தால், பிள்ளைக்குப் போட வேண்டிய இரண்டு ஊசிகள்

செட்டிநாட்டில் தலைப்பிரசவம் பெரும்பாலும் தாய்வீட்டில்தான். சென்னையிலோ கோவையிலோ பரிசோதனை செய்துவந்த பெண், கடைசி மாதங்களில் காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ வந்துவிடுகிறாள். அவளுடைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லா நேரமும் அவளோடு வருவதில்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதாகச் சொல்லும் தாளைப் புகுந்த வீட்டாருக்குப் பயந்து மறைத்துவைப்பதும் உண்டு. அந்தத் தாள் பிரசவ அறைக்கு வராவிட்டால் பிள்ளைக்கு ஒரு ஊசி தவறிப்போகும்.

அரசு மருத்துவமனையில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும் என்பது விதி. தாய்க்குத் தொற்று இருந்தால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற இரண்டாவது ஊசியும் தேவை. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதுவும் இலவசம். தடுப்பூசி போட்டபின் குழந்தையின் உடல் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சில வாரங்கள் ஆகும். பிரசவத்தின்போது தாயின் ரத்தத்திலிருந்து வந்த கிருமி அதுவரை காத்திருக்காது. இம்யூனோகுளோபுலினில் எதிர்ப்புப் பொருள் தயாராகவே இருப்பதால், அது அந்த இடைவெளியைக் காக்கிறது. பச்சிளம் வயதில் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது நாட்பட்ட தொற்றாகத் தங்கிவிடுகிறது.

தேவகோட்டையில் தாய்வீடு உள்ள ஒரு பெண்ணுக்கு 2025 மார்ச் 8, சனிக்கிழமை இரவு 11 மணிக்குப் பிள்ளை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாய்க்குத் தொற்று இருந்தால் 24 மணி நேரம்வரை காத்திருக்காமல் 12 மணி நேரத்துக்குள், அதாவது ஞாயிறு காலை 11 மணிக்குள் இரண்டு ஊசிகளும் போட்டிருக்க வேண்டும். ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். ஒரே இடத்தில் போடக் கூடாது. சிக்கல் இங்கேதான் வரும். இம்யூனோகுளோபுலின் குளிர்பதனத்தில் வைக்க வேண்டிய மருந்து. எல்லா மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை தேடி வாங்குவதும் கடினம். அதனால் பிரசவத் தேதிக்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பே கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பிரசவம் நடக்கப்போகும் மருத்துவமனையிலும் சொல்லி, மருந்து கையிருப்பில் உள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வரவழைக்க அப்போது நேரம் இருக்கும். அப்படியும் தாமதமானால், அது வரும்வரை தடுப்பூசியை நிறுத்திவைக்கக் கூடாது. இம்யூனோகுளோபுலினைப் பிறகு கிடைத்தவுடன் போடலாம். ஆனால் நேரம் போகப்போகப் பலன் குறையும், ஒரு வாரத்தைத் தாண்டவே கூடாது.

பிறந்த பிள்ளைக்கு வைட்டமின் கே, பி.சி.ஜி. ஊசிகளும் போடுவார்கள். "ஊசியெல்லாம் போட்டாயிற்று, ஆச்சி" என்று செவிலியர் சொன்னால், பிள்ளையின் ஆயா அதோடு திரும்பிவிடக் கூடாது. "இம்யூனோகுளோபுலின் போட்டீர்களா?" என்று பெயர் சொல்லிக் கேட்டு, தாய் சேய் நல அட்டையில் தேதியும் நேரமும் எழுதி வாங்க வேண்டும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். இந்தத் தொற்றுக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

தாயின் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக, ஒரு மில்லிலிட்டருக்கு 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஊசிகளையும் மீறித் தொற்றலாம். அத்தகைய பெண்ணுக்குக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் டெனோபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். தொற்று என்று தெரிந்ததுமே கிருமி அளவுப் பரிசோதனையைக் கேட்பது இதற்காகத்தான்.

அடுத்து 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசி. ஹெபடைடிஸ் பி மருந்து அதிலேயே கலந்திருக்கிறது. நம் ஊர்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை என்பதால், நம் குழந்தைக்கு ஏப்ரல் 23, மே 21, ஜூன் 18 என்று வரும்.

இத்தோடு வேலை முடிந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைக்குத் தொற்றியதா என்பதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். தொற்றிய குழந்தை பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஒன்பது மாதம் நிறைந்த பிறகே இதைச் செய்ய வேண்டும். முன்னதாகச் செய்தால், இம்யூனோகுளோபுலினில் வந்த எதிர்ப்புப் பொருளைக் குழந்தையின் சொந்தச் சக்தி என்று தவறாக எண்ண நேரும். தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு ஒன்பதாம் மாதம் எப்படியும் போவீர்கள். டிசம்பர் 10, புதன்கிழமை அந்த ஊசிக்குப் போகும்போதே பரிசோதனைக்கும் எழுதி வாங்கிவிடலாம்.

கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.எஸ்.ஏ.ஜி., எதிர்ப்புச் சக்தியை அளக்கும் ஆன்டி எச்.பி.எஸ். இரண்டையும் கேளுங்கள். கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தி 10 அல்லது அதற்கு மேல் என்றால் பிள்ளைக்குப் பாதுகாப்பு உண்டு. கிருமியும் இல்லை, சக்தியும் 10க்குக் கீழே என்றால் இன்னொரு தவணை தடுப்பூசி போட்டு, ஒன்றிரண்டு மாதங்களில் மீண்டும் அளக்க வேண்டும். கிருமி இருந்தால் மேலும் ஊசி போட்டுப் பயனில்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையில் காட்டி, தொடர் கண்காணிப்பில் வைக்க வேண்டும். கணவருக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் இதே ரத்தப் பரிசோதனையைச் செய்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.