கக்கும் குழந்தையும் எடைத் தராசும்

ஒரு தேக்கரண்டி பாலை, அதாவது 5 மில்லியை, மடித்த துண்டில் ஊற்றிப் பாருங்கள். குடித்த பால் முழுவதையும் குழந்தை கக்கிவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்குக் கறை பரவும். துண்டைப் பார்த்து வரும் பயத்தில் பாதி இந்தக் கறையால் வருவதுதான்.

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. பெரியவர்களுக்கும் அது அவ்வப்போது சில நொடிகள் தளரும். குழந்தைக்கு உணவுக்குழாய் குட்டை, இரைப்பை சிறியது, உள்ளே இருப்பதோ முழுக்கத் திரவம். அதனால் தசை தளர்ந்ததும் பால் வாய் வரை வந்துவிடுகிறது. நான்கு மாதம் வாக்கில் இது உச்சத்துக்குப் போய், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும். கக்கிவிட்டுச் சிரித்து, அடுத்த வேளைக்குப் பசித்து அழுது, எடையும் ஏறுகிற குழந்தைக்கு மருந்தே வேண்டாம்.

துண்டு நனைவதைக் குறைக்கப் பாலைக் கெட்டியாக்கலாம். கெட்டிப் பால் எளிதில் மேலே ஏறாது. கண்ணுக்குத் தெரியும் கக்கல் குறையும். ஆனால் அமிலம் மேலே வருவது பெரிதாகக் குறைவதில்லை. தாய்ப்பாலில் அரிசி மாவு கலப்பது வீண்: மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி தாய்ப்பாலிலேயே இருப்பதால் சற்று நேரத்தில் நீர்த்துவிடும். புட்டிப் பாலில் கெட்டி நிற்கும். ஆனால் ரப்பர் வழியாக உறிஞ்ச முடியாமல் குழந்தை களைத்துப் பாதியில் விட்டுவிடலாம். ஓட்டையைப் பெரிதாக்கினாலோ மடமடவென்று விழுங்கும். எதையும் மருத்துவரைக் கேட்காமல் கலக்க வேண்டாம். குறை மாதக் குழந்தைக்குச் சில கெட்டியாக்கும் பொடிகள் குடலுக்கே ஆபத்தானவை.

குடித்தபின் இருபது முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடிப்பது நல்லது. தூங்கும்போது மல்லாக்கத்தான், சமமான படுக்கையில். கக்கினால் புரையேறாதா என்று எல்லாரும் கேட்பார்கள். மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டாலோ நிலைமை தலைகீழ், திடீர் மரண ஆபத்தும் கூடும். தலைப்பக்கம் தலையணை வைத்து உயர்த்துவது பலன் தருவதில்லை. குழந்தை சரிந்து, தாடை நெஞ்சில் இடித்து மூச்சு அடைபடலாம். சேலைத் தொட்டிலில் சுருண்டு கிடப்பதும் அப்படித்தான்.

இதெல்லாம் எடை ஏறும் குழந்தைக்கு. ஏறாத குழந்தையிடம் கணக்கே வேறு. ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொள்வோம், புட்டிப் பால். பிறந்தபோது 3 கிலோ, ஆறாம் வாரம் 4.1. நாளுக்கு 26 கிராம், நன்றாகவே ஏறியிருக்கிறது. கக்கல் அதிகம் என்று எட்டாம் வாரம் பாலைக் கெட்டியாக்கினார்கள். துண்டு காய்ந்தது, வீட்டில் நிம்மதி. பத்தாம் வாரம் அதே தராசில், துணியில்லாமல் நிறுத்தால் 4.3 கிலோ. நான்கு வாரத்தில் 200 கிராம், நாளுக்கு 7. இந்த வயதில் 25 முதல் 30 வர வேண்டும். கெட்டிப் பால் அடையாளத்தைத்தான் மறைத்திருக்கிறது.

அடுத்த கேள்வி, உள்ளே போகும் பால் போதுமா? எட்டு வேளை, வேளைக்கு 60 மில்லி, ஆக 480. எடையால் வகுத்தால் கிலோவுக்கு 112 மில்லி. சுமார் 150 வேண்டும், அதாவது வேளைக்கு 80. கக்கியதால் போனது போக மீதி குறைவு என்பதல்ல, குடிப்பதே குறைவு. பொடியைச் சரியான அளவில் கலக்கிறார்கள் என்று பார்த்தாயிற்று. அப்படியானால் இவள் ஏன் குடிக்கவில்லை?

பச்சை நிற வாந்தி இல்லை. இருந்திருந்தால் குடல் முறுக்கு என்று அன்றே அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும். பீச்சியடிக்கும் வாந்தி இல்லை, அதனால் இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாயில் உள்ள தசை தடித்திருக்குமோ என்ற சந்தேகம் குறைவு. குடிக்கும்போது வியர்க்கவோ மூச்சு வாங்கவோ இல்லை, இதயத்தில் முணுமுணுப்பும் கேட்கவில்லை. மலத்தில் இரத்தமோ தோலில் தடிப்போ இருந்தால் பசும்பால் ஒவ்வாமையை நினைக்கலாம், இரண்டும் இல்லை. உச்சிக்குழி புடைக்கவில்லை. காய்ச்சலும் இல்லை.

இந்த இடத்தில் அமில மருந்து எழுதி அனுப்புவதுதான் எளிது. அதைத்தான் செய்யக் கூடாது. சிறுநீரைச் சோதிக்க வேண்டும். இந்த வயதில் சிறுநீர்த் தொற்று காய்ச்சலே இல்லாமல், வெறும் பால் மறுப்பாகவும் கக்கலாகவும் வரும். ஒட்டும் பையில் பிடித்த மாதிரி தோல் கிருமி கலந்து ஏமாற்றும் என்பதால் மெல்லிய குழாய் விட்டு எடுப்பார்கள். இவளுக்கு அதில் கிருமி வளர்ந்தது. மருத்துவமனையில் சேர்த்து ஊசி வழியே மருந்து, பிறகு சிறுநீரகத்துக்கு ஸ்கேன். கெட்டியாக்கும் பொடியை நிறுத்தினார்கள். இரண்டு வாரத்தில் 400 கிராம் ஏறினாள். தோளில் போட்ட துண்டு மறுபடி நனையத் தொடங்கியிருந்தது. அம்மா மட்டும் இப்போது அதைப் பார்க்கவில்லை.