சிறிய சேனலுக்கு வரும் முதல் ஸ்பான்சர்: என்ன விலை சொல்வது?

வீடியோ சேனல் நடத்துகிறவர்களுக்கும் விளம்பரம் தரும் நிறுவனங்களுக்கும் நடுவில் நின்று விலை பேசுவது என் தொழில். முதல் ஸ்பான்சர் மின்னஞ்சல் வந்ததும் என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். "உங்கள் கட்டணம் என்ன?" என்று நிறுவனம் கேட்கிறது. இவர்கள் தங்கள் சந்தாதாரர் எண்ணிக்கையைப் பார்த்துக் கூச்சப்பட்டு, வாய்க்கு வந்த சிறு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தொகை அடுத்த ஒப்பந்தத்துக்கும் அதற்கடுத்த ஒப்பந்தத்துக்கும் அடித்தளமாகி, இரண்டு வருடம் கூடவே வருகிறது.

பழைய தையல் இயந்திரங்களைப் பிரித்துப் பழுதுபார்த்துக் காட்டும் ஒரு பெண்மணியின் கணக்கை இங்கே விரித்துச் சொல்கிறேன். சந்தாதாரர்கள் 6,200 பேர். இயந்திர எண்ணெய், ஊசி, சிறு கருவிகள் அடங்கிய ஒரு பெட்டியை விற்கும் நிறுவனம் அவரை அணுகியது. வீடியோவுக்கு நடுவே 75 நொடி அந்தப் பெட்டியைப் பற்றிப் பேச வேண்டும். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால், தொகைகளை 'அலகு' என்றே எழுதுகிறேன்.

முதலில் பார்வைகள். கடைசிப் பத்து வீடியோக்களும் வெளியான 30 நாளில் பெற்ற பார்வைகளை எழுதச் சொன்னேன். ஒன்பது வீடியோக்கள் 1,800க்கும் 2,700க்கும் இடையில் இருந்தன. ஒன்று மட்டும் எப்படியோ பரவி 14,000 போயிருந்தது. சராசரி 3,450 வந்தது. அதையே நிறுவனத்திடம் சொல்லலாம் என்று அவருக்கு ஆசை. வேண்டாம் என்றேன். வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தால் 2,350. அடுத்த வீடியோவுக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடியது அதுதான். 3,450 என்று சொல்லிவிட்டு 2,300 வந்தால், இரண்டாவது ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிடும்.

நிறுவனம் ஆயிரம் பார்வைக்கு 20 அலகு என்று கணக்கிட்டு 47 அலகு தர முன்வந்தது. பெரிய பொழுதுபோக்குச் சேனல்களுக்கு இந்த வழி ஓரளவு பொருந்தும். அங்கே பார்ப்பவர்களில் யாருக்குப் பொருள் தேவை என்று தெரியாது, அதனால் தலையெண்ணி விலை வைக்கிறார்கள். தையல் இயந்திரத்தின் அடிப்பாகத்தை நாற்பது நிமிடம் உட்கார்ந்து பார்க்கிறவர் வீட்டில் ஒரு பழைய இயந்திரம் இருக்க வாய்ப்பு அதிகம். அவரையும் தற்செயலாக எட்டிப் பார்த்தவரையும் ஒரே தலையாக எண்ணுவது இந்தச் சேனலுக்கு நட்டக் கணக்கு.

எதிர்விலை சொல்லும் முன் அவருடைய உழைப்பைக் கூட்டினோம். பொருளைப் பயன்படுத்திப் பார்ப்பது, எழுதுவது, படம்பிடிப்பது, தொகுப்பது, நிறுவனம் கேட்கும் திருத்தம், கடிதப் போக்குவரத்து எல்லாம் சேர்த்து 11 மணி நேரம். அவர் வெளியே பழுதுபார்க்கும் வேலைக்கு மணிக்கு 5 அலகு வாங்குகிறார். ஆக 55. நிறுவனம் தரவிருந்த 47, அவர் கையிலிருந்து காசு போடுவதற்குச் சமம். இந்தக் கீழ் எல்லையை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாதவர்கள், பேச்சின் சூட்டில் அதற்கும் கீழே இறங்கிவிடுகிறார்கள்.

மேல் எல்லைதான் சுவாரசியமானது. அது நிறுவனத்தின் பக்கத்தில் இருக்கிறது. இதற்கு மூன்று தகவல் வேண்டும். எத்தனை பேர் இணைப்பைச் சொடுக்குவார்கள், அவர்களில் எத்தனை பேர் வாங்குவார்கள், ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிக்க நிறுவனம் எவ்வளவு செலவிடத் தயார்.

முதலாவதற்கு அவரிடமே சான்று இருந்தது. ஒரு வீடியோவில் தான் பயன்படுத்திய திருகாணியைப் பற்றிக் காசு வாங்காமல் சொல்லி, கீழே இணைப்பும் கொடுத்திருந்தார். 2,300 பார்வைக்கு 115 சொடுக்கு. இப்படி ஒரு பழைய எண் இல்லாதவர்கள் பின்னூட்டங்களைப் படிக்கலாம். 'அருமை, நன்றி' என்பவற்றை ஒதுக்கிவிட்டு, "அந்த எண்ணெய் எங்கே கிடைக்கும், எந்த எண் ஊசி போட்டீர்கள்" என்று கேட்பவற்றை மட்டும் எண்ணுங்கள். ஈடுபாடு என்று நாம் சொல்வதில் விலை பெறுவது இந்தக் கேள்விகள்தான். அவருடைய பத்து வீடியோக்களில் இப்படி 41 இருந்தன. அந்தப் பட்டியலை அப்படியே மின்னஞ்சலில் இணைத்தோம்.

விளம்பரம் என்று தெரிந்ததும் மக்கள் சற்றுப் பின்வாங்குவார்கள். அதனால் 115ஐ 80 என்று குறைத்துக்கொண்டேன். (கட்டண விளம்பரம் என்பதை மறைத்தால் பின்வாங்க மாட்டார்களே என்று சிலர் கேட்பதுண்டு. யூடியூபில் அதை அறிவிப்பது கட்டாயம், பல நாடுகளில் சட்டமும் அப்படித்தான். அந்தப் பேச்சையே நான் எடுப்பதில்லை.) மற்ற இரண்டையும் நிறுவனத்திடமே கேட்டோம். இதே போன்ற சேனல்களிலிருந்து வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர் வாங்குகிறார் என்றார்கள், ஒரு புதிய வாடிக்கையாளருக்கு 10 அலகு வரை செலவிடுவோம் என்றார்கள். கேட்டால் சொல்கிறார்கள். முதன்முறை பேசுகிறவர்கள் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

80 சொடுக்கு, 8 வாடிக்கையாளர், 80 அலகு. அது முதல் 30 நாள் கணக்கு மட்டுமே. இயந்திரத்தின் மாதிரிப் பெயரைத் தேடி வருகிறவர்களால் இவருடைய பழைய வீடியோக்கள் மாதக்கணக்கில் பார்வை பெறுகின்றன. அதைக் காட்டி 100 கேட்டோம். 80க்கு முடிந்தது, பாதி முன்பணம், திருத்தம் ஒருமுறை மட்டும்.

விற்பனையில் பங்கு மட்டும் தருகிறோம், நிலையான தொகை இல்லை என்றும் நடுவில் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்கள். அவர்களுடைய இணையதளம் மெதுவாகத் திறந்தாலோ சரக்கு தீர்ந்தாலோ நட்டம் இவருக்கு என்பதால் மறுத்தோம். நிலையான தொகைக்கு மேல் பங்கு என்றால் பேசலாம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் மணிக்கணக்கில் பேசினோம். "இந்தக் காட்சியை நிறுவனம் தன் விளம்பரங்களில் எக்காலத்திலும் பயன்படுத்தலாம்" என்றிருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் இதே போன்ற வரியைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். அந்தப் படைப்பாளியின் முகம் இரண்டு வருடம் விளம்பரமாக ஓடியது, கூடுதலாக ஒரு காசு வரவில்லை. போட்டி நிறுவனங்கள் அதைக் காட்டியே அவரைத் தவிர்த்தன. இந்த முறை வரியை நீக்கிவிட்டு, வேண்டுமானால் மாதத்துக்கு 30 அலகு, தனி ஒப்பந்தம் என்று எழுதினோம்.

முப்பதாம் நாள் கணக்கு வந்தது. 71 சொடுக்கு, 6 விற்பனை. 80 கொடுத்து 60க்கு வாடிக்கையாளர் பிடித்த கதை. நிறுவனத்தின் கடிதம் வறண்டிருந்தது. அப்போதுதான் அவர்கள் சலுகைக் குறியீட்டின் ஆயுளை 30 நாள் என்று வைத்திருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகு வாங்குகிறவர் யார் வழியாக வந்தார் என்பதே பதிவாகாது. ஆறு மாதத்துக்கு நீட்டச் சொல்லிக் கேட்டோம், செய்தார்கள். ஐந்தாம் மாத முடிவில் மொத்தம் 13 விற்பனை. அந்த மாதமே இரண்டாவது வீடியோவுக்கு அவர்களாகவே எழுதினார்கள். 110 சொன்னோம்.