மெலடோனின் மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவது?

மெலடோனின் போட்டால் தூக்கம் எவ்வளவு சீக்கிரம் வரும்? 2013-ல் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை போட்டவர்களைவிடச் சராசரியாக 7 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்தச் சராசரிக்குள் நிறையப் பலன் பெற்றவர்களும் உண்டு, எதுவுமே பெறாதவர்களும் உண்டு.

இருட்டியதும் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் 2 மணி நேரம் முன்பே ரத்தத்தில் அது ஏறத் தொடங்கும். 'ராத்திரி ஆகிவிட்டது' என்று உடலுக்குத் தெரிவிப்பதுதான் அதன் முக்கிய வேலை. ஆளை அடித்துப்போடும் சக்தி அதற்குக் குறைவு. ஆகவே உடல் கடிகாரம் பின்தங்கியவர்களுக்குத்தான் மாத்திரை நன்றாக உதவும்.

பத்து வயதுப் பையன் ஒருவன் 9 மணிக்குப் படுத்தாலும் 11 வரை புரள்கிறான், லீவு நாளில் காலை 9 வரை தூங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு மெலடோனின் சுரக்கத் தொடங்குவதே 9 மணிக்குத்தான். மருத்துவர் சம்மதித்தால் 7 மணி வாக்கில் 0.5 முதல் 1 மி.கி. கொடுத்து, விளக்குகளைக் குறைத்து, தினமும் ஒரே நேரத்தில் எழுப்பி வெளிச்சத்தில் நிறுத்தினால், தூக்க நேரம் மெல்ல முன்னுக்கு நகரும். பொறுமையிழந்து 11 மணிக்கு 5 மி.கி. கொடுத்தால் விடிந்த பிறகும் மிச்சம் ரத்தத்தில் இருக்கலாம். பையன் வகுப்பில் தூங்கி வழியலாம். இன்னும் ராத்திரிதான் என்று நம்பும் கடிகாரமும் மேலும் பின்தங்கலாம். தலைவலி, சில பிள்ளைகளுக்குப் படுக்கையில் சிறுநீர் போவது ஆகியவையும் நேரலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் பலன் பொதுவாக இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

வயதானவர்கள் பலரின் கதை தலைகீழ். 8 மணிக்கே கண் சொக்கி, 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சாதாரண மாத்திரை சுமார் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடுவதால் 3 மணிக்கு அது உதவாது. சாயங்காலம் போட்டால் கடிகாரம் இன்னும் முன்னே ஓடும். இவர்களுக்கு மாலை வெளிச்சம்தான் பொருத்தமான மருந்து.

தூக்கத்தின் தரமே குறைந்த 55 வயதைத் தாண்டியவர்களுக்கு, மெதுவாகக் கரையும் 2 மி.கி. மாத்திரை ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. படுப்பதற்கு 1-2 மணி நேரம் முன்பு, சாப்பிட்டபின், உடைக்காமல் விழுங்க வேண்டும். அதிகபட்சம் 13 வாரம். மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் தொடர்வதில் அர்த்தமில்லை. தலைசுற்றல் வரலாம் என்பதால், நடுராத்திரியில் கழிப்பறைக்கு எழுபவர்கள் விழுந்துவிடாமல் கவனமாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளூவோக்சமின் மருந்து, ரத்தத்தில் மெலடோனின் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும்; இரண்டையும் சேர்க்கவே கூடாது.

மிட்டாய் வடிவில் வருவதை நம்பி அளவு கணக்கிட முடியாது. 2023-ல் அமெரிக்காவில் சோதித்த 25 வகைகளில் 22-ல் லேபிளில் போட்ட அளவு சரியில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை.