ஒரு பெட்டிக்கு ஒரு கோரிக்கை: சர்வர்லெஸ் இயங்கும் விதம்

சர்வர்லெஸ் என்றால் சர்வரே இல்லை என்று பொருளல்ல. சர்வர் இருக்கிறது, அதை இரவும் பகலும் ஓடவைத்துப் பராமரிக்கும் பொறுப்புதான் நம்மிடம் இல்லை. அமேசான் 2014இல் அறிவித்த லாம்டா சேவையை எடுத்துக்கொள்வோம். நாம் தருவது ஒரு ஃபங்ஷன் மட்டுமே. கோரிக்கை வந்தால் அது ஓடும். எத்தனை முறை அழைக்கப்பட்டது, எத்தனை மில்லி விநாடி ஓடியது, எவ்வளவு நினைவகம் ஒதுக்கினோம் என்பவற்றைப் பொறுத்துக் கட்டணம் வரும்.

முதல் கோரிக்கை வரும்போது ஓடுவதற்கு இடமே இருக்காது. ஃபயர்கிராக்கர் என்ற மென்பொருள் ஒரு குட்டி மெய்நிகர் கணினியை எழுப்புகிறது; அதைப் பெட்டி என்போம். நம் நிரல் அதற்குள் வந்து இறங்குகிறது. பைத்தானோ ஜாவாவோ தொடங்குகிறது. ஃபங்ஷனுக்கு வெளியே எழுதியவை ஒருமுறை ஓடுகின்றன:

```python
import psycopg
conn = psycopg.connect(DSN)   # ஒருமுறை மட்டும்

def handler(event, context):  # ஒவ்வொரு கோரிக்கைக்கும்
    return find(conn, event["id"])
```

இத்தனையும் முடியும்வரை முதல் கோரிக்கைக்கு ஏற்படும் தாமதமே கோல்டு ஸ்டார்ட். குட்டிக் கணினி எழுவதற்குச் சுமார் 125 மில்லி விநாடி போதும். ஆகவே ஒரு விநாடி, இரண்டு விநாடி என்று தாமதம் நீண்டால் நான் முதலில் சந்தேகிப்பது நாமே ஏற்றிவைத்த நூலகங்களைத்தான். லாகில் `Init Duration` என்று ஒரு மதிப்பு இருந்தால், அந்தக் கோரிக்கைக்காகப் புதுப் பெட்டி திறக்கப்பட்டது என்று அறியலாம்.

வேலை முடிந்தும் பெட்டி சிறிது நேரம் காத்திருக்கும்; அடுத்த கோரிக்கை அதற்குள் வந்தால் உடனே பதில் கிடைக்கும். ஆனால் வழக்கமான லாம்டாவில் ஒரு பெட்டி ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டுமே கவனிக்கும். கோல்டு ஸ்டார்ட்டைத் தவிர்க்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வெற்றுக் கோரிக்கை அனுப்பித் தட்டி எழுப்பும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது ஒரு பெட்டியைத்தான் விழிப்பாக வைத்திருக்கும். இருபது பேர் ஒரே கணத்தில் வந்தால் பத்தொன்பது பேர் புதுப் பெட்டிகள் எழும்வரை காத்திருக்க வேண்டும்.

இதே விதி தரவுத்தளத்தையும் தாக்குகிறது. மேலே உள்ள நிரலில் பெட்டிக்கு ஓர் இணைப்பு. திடீரென 300 கோரிக்கைகள் ஒன்றாக வந்தால் 300 இணைப்புகள் திறக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இயல்பாக ஏற்பது 100 மட்டுமே. பிறகு வருபவர்களுக்கு `FATAL: sorry, too many clients already` என்று கதவடைத்துவிடும். ஃபங்ஷனில் பிழையே இருக்காது, ஆனாலும் தளம் முடங்கும். நடுவே இணைப்புகளைப் பகிர்ந்து தரும் ஒரு பூலர் வைத்தாக வேண்டும்.

நாள் முழுவதும் சீராக வரும் கூட்டத்துக்கும் சர்வர்லெஸ் பொருந்தாது. விநாடிக்கு 50 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 200 மில்லி விநாடி என்றால், எந்நேரமும் பத்துப் பெட்டிகள் வேலையில் இருக்கும். அந்த 200இல் 150 தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கும் கட்டணம் உண்டு. சாதாரண சர்வரோ அந்த இடைவெளியில் வேறு பலரைக் கவனித்துவிடும். இத்தகைய தளத்துக்கு நான் சர்வரையே தேர்ந்தெடுப்பேன். வழக்கமான ஃபங்ஷன் ஒரு முறைக்கு 15 நிமிடத்துக்கு மேல் ஓடாது என்பதால் நீண்ட வீடியோவை மாற்றும் வேலையும் இங்கே சிரமம்தான்.

நாளுக்குச் சில முறை பதிவேறும் படங்களைச் சிறிதாக்குவதற்கோ இது அருமையாகப் பொருந்தும். அங்கே ஒரு விநாடி தாமதத்தை யாரும் உணர்வதில்லை. மீதி நேரத்தில் ஃபங்ஷனுக்குக் கட்டணமும் இல்லை.