காலிக் கட்டம் மன அழுத்தமாக மாறும் விதம்

பி.எஸ்சி. நர்சிங் இறுதியாண்டு மாணவி ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: 'நாற்பது செவிலியர்களிடம் மன அழுத்தக் கேள்வித்தாளை நிரப்பி வாங்கிவிட்டோம். எக்செல்லில் போட்டு சராசரியும் வரைபடமும் எடுக்க வேண்டும். இதை நாங்களே செய்ய முடியுமா, அல்லது வெளியில் பணம் கொடுத்துச் செய்ய வேண்டுமா?' தாராளமாக நீங்களே செய்யலாம். எக்செல் இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் போதும். மாணவர்கள் தம் கையால் திரட்டிய தரவைப் பணம் கொடுத்து யாரோ ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் தரும் அட்டவணையை அப்படியே ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தைக் கல்லூரிகள் கண்டும் காணாமல் இருப்பது எனக்கு உடன்பாடானதல்ல.

அவர்கள் பயன்படுத்தியது பி.எஸ்.எஸ்.-10 என்னும் அளவுகோல். ஷெல்டன் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் 14 கேள்விகளோடு வெளியிட்டதன் சுருக்கப்பட்ட வடிவம் அது. கடந்த ஒரு மாதத்தில் இன்ன உணர்வு எத்தனை முறை வந்தது என்று கேட்கும் பத்துக் கேள்விகள். 'ஒருபோதும் இல்லை' என்றால் 0, 'மிக அடிக்கடி' என்றால் 4. மொத்த மதிப்பெண் 0 முதல் 40 வரை அமையும். 4, 5, 7, 8 ஆகிய நான்கு கேள்விகள் மட்டும் எதிர்த்திசையில் அமைந்தவை. 'சிக்கலைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை எத்தனை முறை இருந்தது' என்பதைப் போன்ற கேள்விக்கு 4 என்று பதில் சொன்னவர் அழுத்தம் குறைந்தவர் என்பதால், அவற்றை 4-இலிருந்து கழித்துத் திருப்ப வேண்டும்.

தாளிலிருந்து கணினிக்கு மாற்றும்போது ஒருவருக்கு ஒரு வரிசை, ஒரு கேள்விக்கு ஒரு நெடுவரிசை என்பதே அடிப்படை. A-இல் அடையாள எண் (பெயர் வேண்டாம், அதே எண்ணைக் கேள்வித்தாளின் மூலையிலும் எழுதிவிடுங்கள்), B-இல் ஷிப்ட், C-இல் பணி அனுபவம், D முதல் M வரை பத்துப் பதில்கள். பதில்கள் தாளில் உள்ளபடியே ஏறட்டும்; தட்டும்போதே மனக்கணக்காகத் திருப்பிப் போட்டால் பிறகு சரிபார்க்க வழியே இருக்காது. பதிலளிக்காத கேள்விக்கு 0 போடக் கூடாது, ஏனெனில் இந்த அளவுகோலில் 0 ஒரு பதில். சிலர் போடும் 99-உம் ஆகாது. அது சத்தமின்றிச் சராசரியில் கலந்துவிடும். கட்டத்தைக் காலியாக விடுவதே சரி.

அந்தக் காலிக் கட்டத்தை எக்செல் நடத்தும் விதத்தில்தான் சுவாரசியமே இருக்கிறது. AVERAGE, SUM, COUNT ஆகியவற்றிடம் ஒரு வரம்பைக் கொடுத்தால் அவை காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். ஆனால் அதே கட்டத்தை ஒரு கூட்டல் கழித்தலுக்குள் நேரடியாக இழுத்தால், எக்செல் அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும். ஏழாம் கேள்வியின் பதில் J2-இல் இருக்கிறது. அதைத் திருப்ப `=4-J2` என்று எழுதுகிறோம். J2 காலியாக இருந்தால் விடை 4. அதாவது, கேள்வியைத் தாண்டிச் சென்ற ஒருவருக்கு உச்சபட்ச அழுத்த மதிப்பெண் பிறந்துவிடுகிறது. நேர்த்திசைக் கேள்வியை `=D2` என்று வேறு நெடுவரிசைக்கு எடுத்தாலோ விடை 0. அங்கே அதே மௌனம் குறைந்தபட்ச அழுத்தமாகிறது.

இதன் விளைவை எண்களில் பார்ப்போம். ஏழாம் கேள்விக்கு 37 பேர் பதிலளித்து, திருப்பிய சராசரி 2.0 என்று வைத்துக்கொள்வோம்; மொத்தம் 74. மூன்று காலிக் கட்டங்கள் மும்முறை 4 சேர்க்க, மொத்தம் 86 ஆகி, 40 பேரின் சராசரி 2.15 என்று வரும். சிறிய வேறுபாடுதான். தனிநபரிடம் அது பெரிதாகும்: மற்ற ஒன்பது கேள்விகளில் 10 பெற்றவர் 14-க்கு உயர்ந்து, 13 வரையிலான 'குறைவு' பிரிவிலிருந்து 'நடுத்தரம்' பிரிவுக்குப் போய்விடுகிறார். எந்தப் பிழைச் செய்தியும் திரையில் வராது.

ஆகவே N முதல் W வரை திருத்திய மதிப்பெண்களுக்கு ஒதுக்கி, ஏழாம் கேள்விக்கு T2-இல் முதல் வரியையும், மொத்தத்துக்கு X2-இல் இரண்டாம் வரியையும் எழுதிக் கீழே இழுத்துவிடலாம். நேர்த்திசைக் கேள்விகளுக்கும் இதே IF தேவை. கழித்தல் மட்டும் வேண்டாம்.

```
=IF(J2="","",4-J2)
=IF(COUNT(N2:W2)<9,"",ROUND(AVERAGE(N2:W2)*10,0))
```

ஒரே ஒரு பதில் விடுபட்டால் அவருடைய மற்ற ஒன்பதின் சராசரியையே அதற்கும் கொள்வது, இரண்டு விடுபட்டால் அவரை மொத்தக் கணக்கிலிருந்து விலக்குவது என்பது இரண்டாம் வரியின் பொருள். 9 என்ற எல்லை என் தேர்வு. வழிகாட்டி வேறு சொன்னால் அதையே வையுங்கள், ஆனால் முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். மேலே சொன்ன செவிலியருக்கு இப்போது 11 வரும். 'குறைவு' பிரிவிலேயே இருப்பார். சரிபார்க்க ஓர் எளிய வழி: `=COUNT(J2:J41)` 37 என்றால் `=COUNT(T2:T41)`-உம் 37 என்றே வர வேண்டும். 40 என்று வந்தால் யாரும் சொல்லாத மூன்று பதில்களைக் கோப்பு தானே உருவாக்கியிருக்கிறது.

இதே பூதம் பிரிவு ஒதுக்கும்போதும் எட்டிப் பார்க்கும். 13 வரை குறைவு, 26 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று IF-ஐ அடுக்கினால், மொத்தம் "" என்று உள்ளவர் 'அதிகம்' பிரிவில் விழுவார். எக்செல்லின் ஒப்பீட்டில் எழுத்து எப்போதும் எண்ணை விடப் பெரியது. "" என்பது அதற்கு எழுத்துதான். `X2=""` என்ற நிலையை முதலில் கேட்டுவிட வேண்டும். இந்தப் பிரிவுகள் பரவலாகப் பயன்படுகின்றன என்றாலும், பி.எஸ்.எஸ். நோயறியும் கருவி அல்ல, அதற்கு வெட்டு மதிப்பெண்கள் இல்லை என்பதே கோஹனின் நிலைப்பாடு. எனவே பிரிவுகளை மட்டும் நம்பாமல் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் (`STDEV.S`) சேர்த்துத் தருவதே நேர்மையானது என்பேன்.

சுருக்க அட்டவணைக்குப் பிவட் டேபிள் போதும்: ஷிப்ட் வரிசையில், பிரிவு நெடுவரிசையில், அடையாள எண்ணின் எண்ணிக்கை நடுவில். ஒருவரை விலக்கியபின் பகல் 23, இரவு 16 பேர்; 'அதிகம்' இரண்டிலும் தலா 4 என்று கொள்வோம். சதவீதமாக்கினால் பகலில் 17.4, இரவில் 25. வேறுபாடு கண்ணைப் பறிக்கும். ஆனால் இரவுக் குழுவில் ஒரு நபர் என்பது 6.25 சதவீதம். அந்த நால்வரில் ஒருவர் ஒரு கேள்விக்கு வேறு விதமாக டிக் அடித்திருந்தால் 18.75 ஆகி, இரு குழுக்களும் ஏறத்தாழச் சமமாகிவிடும். சதவீதத்தின் பக்கத்திலேயே ஆட்களின் எண்ணிக்கையை அச்சிடச் சொல்வது இதற்காகத்தான்.

வரைபடத்தில் கவனிக்க வேண்டியது அச்சு. பகல் சராசரி 17.1, இரவு 19.4 என்று தூண் வரைபடம் போட்டால், இரு எண்களும் நெருக்கமாக இருப்பதால் எக்செல் அச்சைச் சுழியத்தில் தொடங்காமல் 16-ஐ ஒட்டித் தொடங்கக்கூடும். 16-இல் தொடங்கினால் தூண்களின் உயரம் 1.1-உம் 3.4-உம், இரவுப் பணி அழுத்தத்தை மூன்று மடங்காக்குகிறது என்று பார்ப்பவர் படித்துக்கொள்வார். அச்சின் மீது வலது கிளிக் செய்து Format Axis-இல் குறைந்த எல்லையை 0 என்றும் உயர்ந்த எல்லையை 40 என்றும் நீங்களே தட்டிவிடுங்கள். தூண்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். வரைபடம் சப்பென்று இருக்கிறதே என்று வழிகாட்டி முகம் சுளித்தாலும் அதை மாற்றாதீர்கள். அடியில் 'பகல் 23, இரவு 16. இரு பதில்கள் விடுபட்டதால் ஒருவர் சேர்க்கப்படவில்லை' என்ற குறிப்பையும் போட்டுவிடுங்கள்.