208 ரூபாய் எங்கிருந்து வந்தது?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி தம் சம்பளச் சீட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தொழில் வரி என்ற பெயரில் மாதம் 208 ரூபாய் பிடித்த அலுவலகம், செப்டம்பரில் மட்டும் 210 ரூபாய் பிடித்திருக்கிறது. மும்பையில் வேலை பார்க்கும் அவருடைய நாத்தனாருக்கோ மாதம் 200 ரூபாயும் பிப்ரவரியில் மட்டும் 300 ரூபாயும் போகின்றன. ஒரே பெயருள்ள வரிக்கு ஏன் இத்தனை கணக்குகள் என்பது அவர் கேள்வி.

விடை 2,500 என்ற எண்ணில் இருக்கிறது. அரசியலமைப்பின் 276ஆவது பிரிவின்படி, ஒருவர் ஒரு மாநில அரசுக்கோ ஓர் உள்ளாட்சி அமைப்புக்கோ தொழில் வரியாகச் செலுத்தும் தொகை ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. தொடக்கத்தில் 250 ரூபாயாக இருந்த இந்த உச்சவரம்பு, 1988இல் வந்த 60ஆவது திருத்தத்தில் பத்து மடங்கானது. அதன் பிறகு மாறவில்லை. 2,500ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 208 ரூபாய் 33 காசு வரும். அந்தக் காசு முடிவில்லாமல் நீளும். சம்பளச் சீட்டில் அப்படி ஓர் எண்ணைப் போட முடியாததால், ஒவ்வொரு மாநிலமும் மீதியைத் தன் வழியில் தீர்த்துக்கொள்கிறது. மகாராஷ்டிரத்தில் பதினொரு மாதம் 200 ரூபாய் பிடித்து, பிப்ரவரியில் 300 பிடிக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் பதினொரு மாதம் 208, கடைசி மாதம் 212. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 2,500தான் வரும்.

தமிழ்நாட்டில் இந்த வரி மாநில அரசுக்குப் போவதில்லை, உள்ளாட்சிக்குப் போகிறது. சென்னையில் அது பெருநகர சென்னை மாநகராட்சியின் வருவாய். மாதம் என்ற அலகே இங்குச் சட்டத்தில் இல்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை மற்றோர் அரையாண்டு. அந்த ஆறு மாத வருமானம் எந்தப் படியில் விழுகிறதோ அதற்குரிய வரி ஒரே தொகையாக விதிக்கப்படுகிறது. 21,000 ரூபாய் வரை வரி இல்லை. 60,001 முதல் 75,000 வரை 1,025 ரூபாய், 75,000ஐத் தாண்டினால் 1,250 ரூபாய். (இடையிலுள்ள கீழ்ப்படிகளின் வரியை மாநகராட்சி 2024இல் உயர்த்தியது, மேல் இரண்டு படிகள் அப்படியே இருக்கின்றன.) இரண்டு அரையாண்டுக்கு 1,250 வீதம் கட்டினாலே உச்சவரம்பைச் சரியாகத் தொட்டுவிடுகிறோம் என்பதால், மேல்படியை இனி உயர்த்த இடமும் இல்லை.

ஆகவே, வாசகியின் சீட்டில் உள்ள 208 மாநகராட்சி சொன்ன எண் அன்று. அவருடைய அலுவலகம் ஊழியரின் வசதிக்காக 1,250ஐ ஆறு துண்டாக்கியதில் வந்த எண். ஐந்து மாதம் 208 பிடித்தால் 1,040, மீதம் 210. செப்டம்பர்ப் புதிர் அவ்வளவுதான். சில நிறுவனங்கள் துண்டாக்காமல் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ ஒரே தடவையில் 1,250ஐப் பிடித்துவிடுகின்றன, அதுவும் சரியே. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் 208.33ஐ மேல்நோக்கி முழுமையாக்கி, மாதாமாதம் 209 பிடித்தார்கள். ஆண்டு முழுவதற்கும் 2,508 ஆயிற்று. எட்டு ரூபாய்க்காகச் சண்டை போடுவதா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் சட்டம் அனுமதிக்கும் தொகையைவிட அது கூடுதல். உங்கள் சீட்டில் இப்படி நடக்கிறதா என்று அறிய, ஒரு மாதத்து எண்ணைப் பார்த்துப் பயனில்லை; ஏப்ரல் முதல் மார்ச் வரை அந்த வரியைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த வரியில் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றுவது அதன் படிக்கட்டு. வருமான வரியில் ஒரு படியைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமே புதிய விகிதம் பொருந்தும். தொழில் வரியில் அப்படி இல்லை. படியில் கால் வைத்த உடனே முழுத் தொகையும் மாறிவிடுகிறது. பள்ளியில் வரைபடத் தாளில் போட்ட சாய்கோடு வருமான வரி என்றால், இது செங்குத்தாக எழும் சுவர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுபவருக்கு ஏப்ரலில் மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று கொள்வோம். ஆறு மாதத்துக்கு 72,000 வரும் என்று கணித்து, 1,025க்கு ஏற்றபடி மாதம் 171 பிடிக்கிறார்கள். ஜூலையில் 1,000 ரூபாய் சம்பள உயர்வு கிடைத்தால், முதல் மூன்று மாதம் 36,000, அடுத்த மூன்று மாதம் 39,000, மொத்தம் 75,000. படியின் விளிம்பில் நிற்கிறார், வரி 1,025தான். முதலாளி மனமிரங்கி 1,200 ரூபாயாக உயர்த்தினால், மொத்தம் 75,600 ஆகிறது, வரி 1,250. அதாவது கூடுதலாக வந்த 600 ரூபாயில் 225 ரூபாய் மாநகராட்சிக்குப் போய்விடுகிறது. இந்த மாற்றத்தைக் கடையில் உடனே கவனிக்காமல் ஆகஸ்ட் வரை 171 வீதமே பிடித்திருந்தால், ஐந்து மாதத்தில் 855 சேர்ந்திருக்கும். செப்டம்பரில் 395 ரூபாய் ஒரேயடியாகப் போகும். சம்பளம் உயர்ந்தும் கைக்கு வருவது குறைந்ததே என்று அந்த மாதம் அவர் திகைப்பதில் வியப்பில்லை.

இதைக் கேள்விப்பட்டுத்தான் "ஸ்லாப் ஏறினால் நஷ்டம், உயர்வே வேண்டாம்" என்ற நம்பிக்கை அலுவலகங்களில் உலவுகிறது. அது மூடநம்பிக்கை. சுவரின் உயரம் அரையாண்டுக்கு 225 ரூபாய் மட்டுமே. விளிம்பை வெறும் 225 ரூபாய்க்குள் தாண்டி நிற்பவருக்குத்தான் உண்மையில் இழப்பு உண்டு, அதுவும் அந்த ஓர் அரையாண்டில் மட்டும்.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. படிக்கட்டு மாதம் 12,500 ரூபாயிலேயே முடிந்துவிடுகிறது. நம் கணக்கர் தம் 75,600 ரூபாயில் 1,250 கட்டுவது ஏறக்குறைய 1.65 விழுக்காடு. பழைய மாமல்லபுரம் சாலையில் மாதம் 2 லட்சம் வாங்கும் பொறியாளரும் 1,250தான் கட்டுகிறார். அது அவர் வருமானத்தில் 0.1 விழுக்காடு. உச்சவரம்பு அரசியலமைப்பில் இருப்பதால் இதை மாநகராட்சி மன்றம் திருத்த முடியாது. நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும்.

வேலை மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே அரையாண்டுக்குள் சென்னையிலேயே வேறு நிறுவனத்துக்குப் போனால், பழைய இடத்தில் ஏற்கெனவே பிடித்ததைக் காட்டும் சீட்டைப் புதிய இடத்தில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் இருவரும் தனித்தனியே 1,250 பிடித்துவிடக்கூடும். மும்பையிலிருந்து வந்தவருக்கு இந்தச் சலுகை கிடைக்காது; அங்கே கட்டியது மகாராஷ்டிர அரசுக்கு, இங்கே கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு, இரண்டுக்கும் வரம்பு தனித்தனி.

துணிக்கடைக் கணக்கருக்கு அக்டோபரில் எல்லாம் புதிதாகத் தொடங்கும். 13,200 வீதம் ஆறு மாதம் 79,200. ஐயத்துக்கு இடமின்றி மேல்படி. பிப்ரவரி வரை 208, மார்ச்சில் 210.