வருடா வருடம் ஏறும் வீட்டுக்கடன் தவணை: மொத்த வட்டி எவ்வளவு?

கடன் ஆலோசனைக்கு வருபவர்களில் பலர் ஸ்டெப்-அப் தவணையில் முதல் வருடத் தொகையை மட்டும் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். சம்பளம் ஏற ஏறத் தவணையும் ஏறும், நியாயம்தானே என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் அந்தச் சின்னத் தவணை எதைக் கழிக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

30 லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணத் தவணை மாதம் சுமார் 26,992 ரூபாய். மொத்த வட்டி 34.78 லட்சம். இதையே வருடத்துக்கு 5 சதவீதம் ஏறும்படி அமைத்தால் முதல் தவணை 18,815 ரூபாயில் தொடங்கும். மாதம் எட்டாயிரம் குறைகிறது, சரி. ஆனால் 30 லட்சத்துக்கு முதல் மாத வட்டியே 22,500 ரூபாய். கட்டாமல் விட்ட 3,685 ரூபாய் அசலோடு சேர்கிறது. இப்படியே போய் ஐந்தாம் வருட முடிவில் நிலுவை 31.42 லட்சமாகிறது, ஆறாம் வருடம்தான் இறங்கத் தொடங்குகிறது. தொடக்கத் தவணை வட்டிக்குக் குறையக் கூடாது என்று வங்கி நிபந்தனை வைத்தால் இந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் அசல் மெதுவாகத்தான் கரையும்.

மொத்த வட்டி காண, 18,815-ஐ 240 மாதத்தால் பெருக்கி அசலைக் கழித்தால் 15.16 லட்சம் என்று வரும். அது தவறு. தவணை வருடா வருடம் மாறுவதால் ஒவ்வொரு வருடத் தொகையையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். எக்செலில் ஒரே வரியில் முடியும்:

```
=18815*12*(1.05^20-1)/0.05-3000000
```

விடை சுமார் 44.66 லட்சம். அதாவது சாதாரணத் தவணையைவிட ஏறத்தாழ 9.9 லட்சம் கூடுதல். கடைசி வருடத்தில் மாதத் தவணை 47,500 ரூபாயைத் தாண்டியிருக்கும். அப்போது சம்பளமும் அந்த அளவுக்கு ஏறியிருக்க வேண்டும்.

அதே 5 சதவீத ஏற்றத்தை 26,992 ரூபாயிலிருந்து தொடங்கிப் பாருங்கள். கடன் 12 வருடம் 1 மாதத்தில் முடிகிறது. வட்டி ஏறத்தாழ 21.9 லட்சம்தான். இரண்டையும் ஸ்டெப்-அப் என்றே சொல்கிறார்கள். ஒன்றில் ஏற்றம் ஆரம்பச் சலுகையை ஈடுகட்டுகிறது, மற்றதில் அசலைக் கரைக்கிறது. முதல் தவணையைக் கட்டவே சிரமம் என்றால் முதல் வகை உதவும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கான விலையைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

கையெழுத்துக்கு முன் வங்கியிடம் மாதவாரித் தவணை அட்டவணை கேளுங்கள். முதல் வருட முடிவில் நிலுவை, வாங்கிய கடனைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். மாறும் வட்டியாக இருந்தால் வட்டி மாறும் ஒவ்வொரு முறையும் மேலே சொன்ன கணக்கு பொருந்தாமல் போகும். புது அட்டவணை வாங்கித்தான் கூட்ட வேண்டும். வங்கி தவணையை ஏற்றித் தர மறுத்தால், வருடம் ஒருமுறை கூடுதல் தொகையை அசலில் கட்டி, தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தனிநபர் பெயரிலுள்ள மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு இப்படி முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது.